விழுங்காத மாத்திரை

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவளுக்கு 'டபுள் பிரேக்' என்று பெயர். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அவளுடைய உடம்பு. அவள் ஏறி உட்கார்ந்தால் கார் ஒரு பக்கம் சாயும், அந்தப் பாரமே பாதி பிரேக் என்று பையன்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் கூடச் சிரிப்பாள். முதலில் தானே சிரித்துவிட்டால் அடுத்தவர் சிரிப்பு அவ்வளவாக உறைக்காது என்பதைப் பள்ளிக்கூட நாட்களிலேயே கண்டுகொண்டவள்.

வீட்டில் அவள் பெரியவள். நாற்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகவில்லை, அம்மாவோடு இருக்கிறாள். அவளுக்குப் பின்னால் ஆறு வருடம் கழித்துப் பிறந்தவள் சின்னவள். ஒல்லி என்றால் அப்படி ஒரு ஒல்லி. என்ன தின்றாலும் ஒட்டாது. ஒரே சமையல், ஒரே பானை, ஒரே கரண்டி. பெரியவள் இரண்டாவது தடவை தட்டை நீட்டினால் அம்மாவின் கரண்டி தயங்கும். சின்னவளுக்கு என்றால் கேட்காமலே விழும். பெண் பார்க்க வந்தவர்கள் பெரியவளைப் பார்த்துவிட்டு, காபி கொண்டு வந்த சின்னவளைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனது இரண்டு முறை நடந்தது. மூன்றாவது முறை அம்மா சின்னவளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பி வைத்தாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

சின்னவளுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆயிற்று. மூக்குக்கண்ணாடிக் கடையில் வரவேற்பில் வேலை, அன்பான கணவர், ஒரு பெண் குழந்தை. பெரியவள் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்று செய்தாள், எதிலும் குறை வைக்கவில்லை. உள்ளே மட்டும் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது.

ஆகவே சின்னவள் குண்டாக ஆரம்பித்தபோது பெரியவளுக்கு உண்டான முதல் உணர்ச்சியை நல்லது என்று சொல்ல முடியாது. 'இப்பத் தெரியட்டும்' என்று நினைத்தாள். சின்னவளின் முகம் உருண்டு சிவந்தது. வயிறு முன்னால் தள்ளியது. கழுத்துக்குப் பின்னால் ஒரு திமில் போல மேடு தட்டியது. ஆனால் கைகால்கள் மட்டும் நாளுக்கு நாள் இளைத்தன. தரையில் உட்கார்ந்தால் எதையாவது பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. லேசாக இடித்தாலும் தோல் கன்றிப் போயிற்று. வயிற்றில் விரல் அகலத்துக்குக் கருஞ்சிவப்புக் கோடுகள் ஓடின. ரத்த அழுத்தம் ஏறியது. ஒரு நாள் கண்ணாடிக் கடை முதலாளி அவளை வரவேற்பிலிருந்து உள்ளே சரக்கு அறைக்கு மாற்றினார். அன்றைக்கு அவள் அக்கா வீட்டுக்கு வந்து அழுதாள். பெரியவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். தடவின கைக்கு இருந்த இரக்கம் மனசுக்கு இல்லை.

ஹார்மோன் மருத்துவரிடம் சின்னவளைக் காரில் கூட்டிப்போனவள் பெரியவள்தான். மருத்துவர் நடுத்தர வயதுப் பெண்மணி. அதிகம் பேசமாட்டார், கேட்பார். சின்னவளை நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழச் சொன்னார். அவளால் முடியவில்லை. வயிற்றுக் கோடுகளைப் பார்த்தார். ஆஸ்துமா, மூட்டுவலி, தோல் அரிப்பு என்று எதற்காவது ஸ்டீராய்டு மருந்து எடுத்தாளா என்று துருவித் துருவிக் கேட்டார். எதுவும் இல்லை. கர்ப்பத்தடை மாத்திரை மட்டும் சாப்பிடுவதாகச் சின்னவள் சொன்னாள். அதை நிறுத்திவிட்டு ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார். அந்த மாத்திரை ரத்தத்தில் ஹார்மோனைச் சுமக்கிற புரதத்தைக் கூட்டிவிடும், நோய் இல்லாவிட்டாலும் அளவு ஏறித் தெரியும், அப்புறம் எதை நம்புவது என்றார்.

ஆறு வாரம் கழித்துப் பரிசோதனையை விளக்கியவர் அங்கிருந்த மூத்த நர்ஸ். சின்னவள் மிரண்டு போயிருந்ததால் பாதி காதில் வாங்கவில்லை. முழுக்கக் கேட்டவள் பெரியவள்.

கார்டிசால் என்று ஒரு ஹார்மோன். சிறுநீரகத்தின் தலைமேல் இருக்கும் சுரப்பியில் ஊறுகிறது. அதற்கு உத்தரவு போடுவது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி. இந்த டெக்ஸாமெத்தசோன் மாத்திரையை ராத்திரி பதினொரு மணிக்குப் போட்டுக்கொண்டால், அது கார்டிசால் மாதிரியே வேஷம் கட்டிப் போய் 'போதும், நிறைய இருக்கு' என்று பிட்யூட்டரியை நம்ப வைக்கும். நல்ல உடம்பு நம்பிவிடும், உத்தரவை நிறுத்தும், காலை எட்டு ஒன்பது மணிக்கு ரத்தம் எடுத்தால் கார்டிசால் தரையைத் தொட்டிருக்கும். நோய் பிடித்த உடம்பு ஏமாறாது. அது பாட்டுக்குச் சுரந்துகொண்டே இருக்கும். 1.8-க்கு மேல் நின்றால் சந்தேகம்.

"அது ஒண்ணை மட்டும் வச்சு முடிவு பண்ண மாட்டோம்மா," என்றார் நர்ஸ். "எச்சிலும் எடுக்கணும். கார்டிசால் காலைல உச்சத்துல இருக்கும், தூங்கப் போற நேரத்துல அடிமட்டத்துக்கு வந்திடும். நோய் இருந்தா ராத்திரியும் இறங்காது. ரெண்டு நாள் ராத்திரி பஞ்சை வாயில வச்சு நனைச்சு இந்தக் குழாய்க்குள்ள போடுங்க. அதுக்கு முன்னாடி அரை மணி நேரம் சாப்பிடக்கூடாது, பல் தேய்க்கக்கூடாது. ஈறுல ரத்தம் கசிஞ்சா அளவு தப்பாயிடும்."

சின்னவளுக்கு எல்லாம் ஒரே திசையைக் காட்டியது. மாத்திரை போட்ட மறுநாள் காலை கார்டிசால் பதினாறுக்கும் மேல். இரண்டு ராத்திரி எச்சிலும் அதிகம். அடுத்தடுத்த பரிசோதனைகளுக்குப் பிறகு பிட்யூட்டரியில் பயறு அளவுக்கு ஒரு கட்டி இருப்பது ஸ்கேனில் தெரிந்தது. குஷிங் நோய் என்றார்கள். மூக்கு வழியாக எடுத்துவிடலாம் என்று அறுவைக்கு நாளும் குறித்தார்கள்.

அதற்கப்புறம் வீட்டில் நடந்ததைத்தான் பெரியவளால் தாங்க முடியவில்லை. அம்மா தொலைபேசியில் உறவுக்காரர்களுக்கெல்லாம் ஒரே பாட்டாகப் பாடினாள். "அவ சாப்பிட்டுக் குண்டாகலை, வியாதி அது. பாவம், வாயைக் கட்டிக் கட்டித் தவிச்சிருக்கா குழந்தை." கண்ணாடிக் கடை முதலாளி வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்டார். முன்பு சின்னவளின் பின்னால் சிரித்தவர்கள் இப்போது பழக்கூடையோடு வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் காபி கலந்து கொடுத்தவள் பெரியவள். ஒருத்தி காபியை வாங்கிக்கொண்டே அவளை மேலும் கீழும் பார்த்து, "நீயும் கொஞ்சம் வாயைக் கட்டலாம்ல?" என்று கேட்டாள்.

சின்னவள் குண்டானால் வியாதி. அவள் குண்டானால் கொழுப்பு. முப்பது வருஷமாகத் தான் தேடிக்கொண்டிருந்த மன்னிப்பு, வெறும் ஒரு வருஷத்தில் தங்கச்சியின் மடியில் விழுந்ததை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பு தங்கச்சியின் இடுப்பைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள், இப்போது அவளுடைய கட்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள்.

அடுத்த முறை போனபோது தனக்கும் அந்தப் பரிசோதனை வேண்டும் என்று கேட்டாள். மருத்துவர் அவளையும் சோதித்துப் பார்த்தார். கையை ஊன்றாமல் சட்டென்று எழுந்தாள். கைகால்கள் உடம்புக்கேற்ற பலத்தோடு இருந்தன. வயிற்றுக் கோடுகள் வெளுத்த, மெல்லிய கோடுகள். பார்த்தால் அப்படித் தெரியவில்லை என்றார் மருத்துவர். ஆனால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கூடுதலாக இருந்தன, கேட்கவும் கேட்கிறாள். பார்த்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தார். வேறென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறாள் என்று கேட்டார். ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, அவ்வளவுதான்.

அன்றிரவு அந்தப் பொடி மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றாள். மருத்துவர் முகத்தில் பதில் ஏற்கெனவே எழுதியிருந்தது அவளுக்குத் தெரியும். விழுங்கினால் உடம்பு நம்பிவிடும். காலையில் எண் தரையைத் தொடும். ஒன்றுமில்லை, வாயைக் கட்டுங்கள் என்பார்கள், அதுவும் ஆஸ்பத்திரி முத்திரையோடு. மாத்திரையே உள்ளே போகாவிட்டால் சுரப்பி எதற்கு அடங்கப் போகிறது? மாத்திரையைத் தொட்டிக்குள் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீரைக் குடித்தாள், மாத்திரை போட்டவள் மாதிரியே.

காலையில் ரத்தம் எடுக்கும்போது நர்ஸ் கேட்டார், பதினொரு மணிக்குப் போட்டீர்களா என்று. போட்டேன் என்றாள்.

கார்டிசால் பதிமூன்று என்று வந்தது. மாத்திரையே போடாத எந்த நல்ல உடம்பிலும் காலை நேரத்தில் அவ்வளவு இருக்கும். ஆனால் போட்ட உடம்பு என்று நினைத்துப் பார்த்தால் அது பெரிய எண். அம்மா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "உனக்குமாடி? நான் உன்னை என்னவெல்லாம் சொல்லியிருக்கேன்," என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த வாரம் அம்மாவின் கரண்டி ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. சின்னவள் போன் பண்ணி, "பயப்படாதக்கா, நான் இருக்கேன்ல," என்றாள். பயிற்சிப் பள்ளியில் விஷயம் பரவி, பையன்கள் பட்டப்பெயரைச் சொல்லக் கூசினார்கள். பெரியவள் அந்த ஒரு வாரம் ராணி மாதிரி இருந்தாள். அந்தப் பதிமூன்றை நினைத்துக்கொண்டே தூங்கினாள்.

பிறகு மருத்துவரின் அழைப்பு வந்தது. எச்சில் குழாய்கள் இரண்டை வாங்கிப் போகச் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார். ஒரே வீட்டில் அக்கா தங்கை இரண்டு பேருக்கும் இந்த நோய் என்றால், அது பரம்பரையாக வரும் வேறு ஒரு கோளாறின் பகுதியாக இருக்கலாம். மற்ற சுரப்பிகளையும் பார்க்க வேண்டும், மரபணுப் பரிசோதனையும் வேண்டும், சின்னவளின் மகளையும் கவனிக்க வேண்டியிருக்கலாம். அது தெளிவாகும் வரை சின்னவளின் அறுவையைச் சற்றுத் தள்ளி வைப்பதாக அறுவை மருத்துவரிடம் பேசியிருக்கிறார்.

பெரியவள் இதை நினைத்தே பார்க்கவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள். "சரிங்க டாக்டர்," என்றுதான் வந்தது.

எச்சிலை ஏமாற்ற அவளுக்கு வழி தெரியவில்லை. எதையும் விழுங்க வேண்டியதில்லை, துப்ப வேண்டியதில்லை, பஞ்சை வாயில் வைத்தால் உடம்பு தன் பாட்டுக்கு உண்மையைச் சொல்லிவிடும். ஆத்திரப்பட்டால் கார்டிசால் ஏறும் என்று எங்கோ கேட்ட ஞாபகத்தில், முதல் நாள் இரவு நாற்காலியில் உட்கார்ந்து தன்னை வேண்டாம் என்றவர்களை ஒவ்வொருவராக நினைத்துக் கோபத்தை மூட்டிப் பார்த்தாள். மூன்றாவது ஆள் வருவதற்குள் கண் சொக்கியது. பாதித் தூக்கத்தில் பஞ்சை நனைத்துக் குழாயில் போட்டுவிட்டுப் போய்ப் படுத்தாள். இரண்டாம் நாள் கோபப்படக்கூட வலுவில்லை.

குழாய்களைக் கொடுத்துவிட்டு வந்த வாரத்தில் சின்னவளின் கணவர் அழைத்தார். சின்னவள் பலமாகத் தும்மியிருக்கிறாள், விலா எலும்பு முறிந்துவிட்டது. கார்டிசால் எலும்பை அரித்து வைத்திருக்கிறது என்றார்களாம். முதலில் குறித்த நாளில் அறுவை நடந்திருந்தால் இந்நேரம் வீட்டுக்கே வந்திருப்பாள் என்று அவர் யாரையும் குற்றம் சொல்லாமல்தான் சொன்னார். பெரியவள் போய்ப் பார்த்தாள். சின்னவள் மூச்சைப் பாதியிலேயே நிறுத்தி நிறுத்தி இழுத்துக்கொண்டு கிடந்தாள். அக்காவைப் பார்த்ததும், "உன்னோட ரிசல்ட் வந்துச்சா?" என்றுதான் கேட்டாள்.

மறுநாள் மருத்துவர் பெரியவளைக் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் இரண்டு அறிக்கைகள் இருந்தன.

"எச்சில் ரெண்டு நாளுமே நார்மல். மாத்திரை டெஸ்ட் மட்டும் அதிகம். ரெண்டும் ஒத்துப் போகலை," என்றார். வலிப்பு மாத்திரையோ காசநோய் மாத்திரையோ சாப்பிடுகிறாளா என்று மறுபடி கேட்டார். அந்த மாதிரி மருந்துகள் டெக்ஸாமெத்தசோனை உடம்பிலிருந்து வேகமாகக் கழித்துவிடும். கர்ப்பத்தடை மாத்திரை? இல்லை. "அன்னிக்கு வாந்தி எடுத்தீங்களா? சில பேர் போட மறந்துட்டு, போட்டதாவே நினைச்சுக்குவாங்க. அன்னிக்கு எடுத்த ரத்தத்துல மிச்சம் லேப் ஃப்ரீசர்ல இருக்கு. அதுல மாத்திரையோட அளவையே பார்க்க முடியும். அனுப்பறதுக்கு முன்னாடி உங்களைக் கேட்கலாம்னு கூப்பிட்டேன்."

வெளியேற வாசல் திறந்தே இருந்தது. மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெரியவளுக்குத் தங்கச்சி மூச்சுவிட்ட விதம் கண்ணுக்குள் நின்றது.

"மறக்கலை டாக்டர். போடலை. தெரிஞ்சேதான் போடலை."

மருத்துவர் அவளை ஒரு கணம் பார்த்தார். போனை எடுத்து அறுவை மருத்துவரை அழைத்தார். சின்னவளின் அறுவைக்குக் கிடைக்கிற முதல் நாளைக் குறிக்கச் சொன்னார். போனை வைத்த பிறகுதான் ஏன் என்று கேட்டார்.

"அவளுக்கு வந்தா வியாதி, எனக்கு வந்தா கொழுப்புன்னு சொல்றாங்க. எனக்கும் வியாதின்னு ஒரு தடவை யாராவது சொல்லணும்னு இருந்துச்சு."

திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் இன்னொரு மாத்திரையை உறையிலிட்டுக் கொடுத்தார். "இதை முழுங்குங்க. சந்தேகம் மிச்சம் வைக்கக்கூடாது." அன்றிரவு பெரியவள் விழுங்கினாள். காலையில் கார்டிசால் ஒன்றுக்கும் கீழே இருந்தது. அவளுடைய சுரப்பிகள் அவளைவிட யோக்கியமாக நடந்துகொண்டன.

தங்கச்சியிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. படுக்கைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சொன்னாள், உட்காரவில்லை. சின்னவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். உருண்ட முகத்தில் என்ன ஓடுகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"என் பொண்ணு கையில ஊசி குத்தி ரத்தம் எடுக்கணுமோன்னு ரெண்டு வாரமா நான் தூங்கலை," என்றாள் கடைசியில். "நீ போ."

அறுவை நாளில் பெரியவள்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனாள். சின்னவளின் கணவர் அன்று ஓட்டும் நிலையில் இல்லை, வேறு வழியில்லை. சின்னவள் பின்னிருக்கையில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கட்டியை முழுசாக எடுத்தார்கள். அடுத்த நாட்களில் கார்டிசால் அடியோடு விழுந்தது, அதுதான் நல்ல அறிகுறி என்றார்கள். ஆனால் அந்த வீழ்ச்சி அவளை அடித்துப் போட்டது. பல மாதம் மூட்டெல்லாம் வலி, அசதி, வாந்தி. சுரப்பி மறுபடி கண் விழிக்கும்வரை கார்டிசாலை மாத்திரையாகக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். குழந்தையைப் பள்ளியில் விட்டு அழைத்து வருவது பெரியவளின் பொறுப்பாயிற்று. வாசலில் விட்டுவிட்டுப் போய்விடுவாள், உள்ளே யாரும் கூப்பிடவில்லை.

இதற்கிடையில் மருத்துவர் அவளையும் விடவில்லை. கார்டிசால் சரியாக இருப்பதால் உடம்பு சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, எடை என்பது வெறும் வாய்க் கட்டுப்பாட்டு விவகாரமும் இல்லை என்றார். குறட்டை விடுவாளா, பகலில் கண் சொக்குமா என்று கேட்டார். சிக்னலில் கற்றுக்கொள்பவன் காத்திருக்கும்போது சில சமயம் தன் தலை சாய்ந்துவிடும் என்று பெரியவள் ஒப்புக்கொண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது சோதனையில் தெரிந்தது. ராத்திரி போட்டுக்கொள்ள மூச்சுக்கருவி கொடுத்தார், சர்க்கரைக்கும் மருந்து தொடங்கினார். அம்மா அதை உறவுக்காரர்களுக்குச் சொல்லவில்லை. குறட்டைக்கு யார் பழக்கூடை கொண்டு வருவார்கள்?

சின்னவளின் முகம் மெல்ல மெல்லப் பழைய அச்சுக்குத் திரும்பியது. கன்னத்து எலும்பு தெரிந்தது. பார்த்தவர்கள் பழைய அழகு வந்துவிட்டது என்றார்கள். பெரியவளுக்குப் பழைய அரிப்பும் வந்துவிட்டது. அது போய்விட்டது என்று அவள் தன்னிடம்கூடப் பொய் சொல்லவில்லை.

ஒரு நாள் மாலை குழந்தையை விடப் போனபோது சின்னவளே வாசலுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னாள். மேஜையில் இரண்டு பேருக்கும் டீ இருந்தது. வெகுநேரம் குழந்தையைப் பற்றிப் பேசினார்கள்.

"சரக்கு அறையில இருந்தப்பத்தான் தெரிஞ்சுது," என்றாள் சின்னவள் திடீரென்று. "ஒருத்தரும் கண்ணைப் பார்த்துப் பேசலை. நீ எப்படிக்கா இத்தனை வருஷம் அதுல இருந்த?"

பெரியவள் டீயைக் குடித்து முடித்தாள். மழுப்பலாம் என்று தோன்றியது. மழுப்பவில்லை.

"உனக்கு ஒரு வருஷத்துல முடிஞ்சு போச்சு. அதுக்கும் எனக்குப் பொறாமையாத்தான் இருக்கு."

சின்னவள் அவளையே பார்த்தாள். அவள் கோபப்பட்ட மாதிரியும் இல்லை, மன்னித்த மாதிரியும் இல்லை. எழுந்து போய்க் கெட்டிலில் மறுபடி தண்ணீர் வைத்தாள்.

"இன்னொரு டீ போடறேன், உட்காரு," என்றாள்.